காலை ஆறரை மணி மாத்திரையும் டயாலிசிஸும்

மஞ்சள்காடு | ஜூன் 5, இரவு 9.50

அப்பாவுக்கு 64 வயது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஈரோட்டில் டயாலிசிஸ். காலை ஏழரைக்கு ஊசி குத்தினால் பதினொன்றரைக்கு எடுப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. அதன் பிறகு இரண்டு முறை வலிப்பு வந்ததால் லெவெடிராசெட்டம் 500 மாத்திரை தினம் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். ஆறரைக்கு இட்லி சாப்பிட்டு முடித்ததும் என் கையால்தான் கொடுப்பேன். ஒரு நாளும் தவறியதில்லை.

நேற்று டயாலிசிஸ் நன்றாகத்தான் போனது. இன்று விடியற்காலை நாலரைக்கு வலிப்பு. கட்டில் சட்டத்தில் கை இடிக்கிற சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்காது, எனக்கு மட்டும் ஒரு மணி நேரம் போல இருந்தது. அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் சர்க்கரை பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், உப்புப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார். பிறகு, “மாத்திரை எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். சொன்னேன். “டயாலிசிஸ் நாளில் முடிந்த பிறகு கொடுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான் விளக்கம். எட்டு மாதமாக நான் கொடுத்த மாத்திரை யாருக்குப் போனது, அப்பாவுக்கா, மெஷினுக்கா?

சாயத்தொட்டி | ஜூன் 5, இரவு 10.20

அம்மணி, நான் மருத்துவன் இல்லை, திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் கழிவுநீரும் சவ்வு வழியாகத்தான் போகிறது, அந்த அனுபவத்தில் சொல்கிறேன். விஷயம் முழுக்க ஓட்டையின் அளவுதான். ஓட்டையைவிடச் சின்னது எல்லாம் வெளியே போகும், பெரியது உள்ளே நிற்கும். மாத்திரை எல்லாமே சின்ன மூலக்கூறு. அதனால் எந்த மாத்திரையானாலும் மெஷினுக்கு முன்னால் கொடுத்தால் சாக்கடைக்குத்தான். எல்லாவற்றையும் பிறகு கொடுத்துவிட்டால் குழப்பமே இல்லை.

ஆழியாறு | ஜூன் 6, காலை 6.05

எனக்கு வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பைகள் வீட்டுக்கே வருகின்றன. ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொன்றும் இரண்டு லிட்டர். இதில் “முடிந்த பிறகு” என்பது எப்போது? நான்காவது பை முடிந்தா?

மூன்றாம் நம்பர் மெஷின் | ஜூன் 6, மதியம் 2.40

பதினான்கு வருடமாக டயாலிசிஸ் டெக்னீஷியன் வேலை. ஷிப்ட் மாறும் நேரத்தில் எழுதுகிறேன், சுருக்கமாக இருக்கும்.

ஆழியாறு அண்ணா, உங்கள் வயிற்றில் தண்ணீர் இரவும் பகலும் இருக்கிறது. மருந்து வெளியேறுவதும் மெல்ல மெல்ல நாள் முழுக்க நடக்கும். நான்கு மணி நேரத்தில் சுரண்டி எடுக்கிற வேலை அங்கே இல்லை. அதனால் இங்கே பேசுகிற “முன், பின்” உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் மருந்து அளவைத் தனியாகத்தான் கணக்கிட்டு எழுதியிருப்பார்கள்.

மஞ்சள்காடு, மருத்துவர் சொன்னது சரி. லெவெடிராசெட்டம் நாங்கள் பயப்படுகிற மருந்துகளில் முதல் வரிசை. நான்கு மணி நேர டயாலிசிஸில் உடம்பில் இருப்பதில் ஏறக்குறைய பாதி போய்விடும்.

சாயத்தொட்டி சொன்னது பாதி சரி. மீதிப் பாதி ஆளைக் கவிழ்த்துவிடும். இரவு வருகிறேன்.

தாராபுரம் அத்தை | ஜூன் 6, மாலை 5.15

எங்கள் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்த மாத்திரையை டயாலிசிஸ் நாளில் காலையில் கொடுக்காதே என்கிறார்கள். அதையும் மெஷின் எடுத்துவிடுமா? இங்கே படித்தபின் பயந்துபோய் இன்று எல்லா மாத்திரையையும் மதியத்துக்குத் தள்ளிவிட்டேன். சாப்பாட்டோடு போடுகிற பாஸ்பரஸ் மாத்திரையையும் சேர்த்துத்தான்.

மூன்றாம் நம்பர் மெஷின் | ஜூன் 6, இரவு 10.55

அத்தை, முதலில் உங்களுக்கு. பாஸ்பரஸ் மாத்திரையைத் தள்ளாதீர்கள். அது ரத்தத்துக்குள் போய் வேலை செய்வதில்லை. சோற்றில் இருக்கிற பாஸ்பரஸை வயிற்றிலேயே பிடித்து மலத்தோடு அனுப்புவதுதான் அதன் வேலை. சாப்பாடு இல்லாத வயிற்றில் போட்டால் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. இட்லி காலை ஏழுக்கு என்றால் மாத்திரையும் ஏழுக்குத்தான், அன்று டயாலிசிஸ் இருந்தாலும் சரி. அதை மெஷின் தொடவே தொடாது.

இப்போது சாயத்தொட்டிக்கு. உங்கள் தொழிலிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். துணியை அலசும்போது எந்தச் சாயம் ஓடும்? நூலில் ஏறாமல் மேலே மிதக்கிற சாயம்தானே. ஏறிப் பிடித்த சாயமும் அதே மூலக்கூறுதான், ஆனால் ஓடாது. மருந்தும் அப்படித்தான். ரத்தத்தில் ஆல்புமின் என்று ஒரு பெரிய புரதம் இருக்கிறது. சில மருந்துகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆல்புமின் சவ்வைத் தாண்டாது, அதன் மேல் உட்கார்ந்திருப்பதும் தாண்டாது. இதே வலிப்புக்குத்தான் ஃபெனிட்டாயினும் கொடுக்கிறார்கள். அதுவும் சின்ன மூலக்கூறுதான். ஆனால் பெரும்பகுதி புரதத்தில் ஒட்டிக்கிடப்பதால் சாதாரண டயாலிசிஸில் குறிப்பிடும்படி எதுவும் போவதில்லை. லெவெடிராசெட்டம் புரதத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஒட்டாது. முழுக்க மிதக்கிற சாயம்.

இன்னொரு வகை உண்டு. டிகாக்சின் என்ற இதய மாத்திரை புரதத்திலும் பெரிதாக ஒட்டாது, அளவிலும் பெரிதில்லை. ஆனாலும் டயாலிசிஸில் போகாது. அது ரத்தத்தில் இருந்தால்தானே போக? தசைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மெஷின் கழுவுவது குழாயில் வருகிற ரத்தத்தை மட்டும்.

சாயத்தொட்டி | ஜூன் 6, இரவு 11.10

ஏறிய சாயம் ஓடாது என்று என்னிடமே சொல்லிவிட்டீர்களே. ஒப்புக்கொண்டேன். ஆனால் ஓட்டை அளவுக்கு வேலையே இல்லையா?

மூன்றாம் நம்பர் மெஷின் | ஜூன் 7, காலை 5.30

இருக்கிறது. அதில் நீங்கள் ஜெயித்தீர்கள். வான்கோமைசின் ஊசி நல்ல உதாரணம். லெவெடிராசெட்டத்தைப் போல எட்டு மடங்குக்கும் மேல் பருமன். பழைய வகைச் சவ்வில் அது நகரவே நகராது என்பதால் வாரத்துக்கு ஒரு ஊசி போதும் என்று ஒரு காலம் இருந்தது. பெரிய துளையுள்ள சவ்வு வந்த பிறகு கணிசமாகப் போக ஆரம்பித்தது. இப்போது ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. முடிந்த பிறகு கொடுப்பார்கள், அல்லது கடைசி ஒரு மணி நேரத்தில் ஏற்றி, கொஞ்சம் போகும் என்று தெரிந்தே அளவைக் கூட்டிப் போடுவார்கள். அதே மருந்து, அதே நோயாளி. டயலைசர் மாறியதும் கணக்கு மாறிவிட்டது.

ரத்த அழுத்த மாத்திரைக் கேள்வியை மறக்கவில்லை அத்தை. ஷிப்டுக்குக் கிளம்புகிறேன்.

மஞ்சள்காடு | ஜூன் 7, இரவு 8.30

நேற்று முழுக்க மனது ஆறவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள், வேறு வழியில் எனக்கு ஆறுதல் வராது.

மருந்தோடு வருகிற அச்சிட்ட தாளில் இரண்டு எண் இருக்கிறது. சிறுநீரகம் நின்றுபோனவருக்கு, டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் லெவெடிராசெட்டம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 25 மணி நேரம். மெஷினில் இருக்கும்போது 3.1 மணி நேரம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது.

மாத்திரை போட்டபின் உடம்பில் இருப்பதை 100 என்று வைத்துக்கொள்கிறேன். ஏழரைக்கு மெஷின், பதினொன்றரைக்கு 50 (3.1-ஐ வைத்துக் கணக்கிட்டால் இன்னும் கீழே வருகிறது, டெக்னீஷியன் அக்கா சொன்ன பாதியையே எடுத்துக்கொண்டேன்). அங்கிருந்து மறுநாள் விடியற்காலை நாலரை வரை 17 மணி நேரம். 25 மணிக்குப் பாதி என்ற வேகத்தில் 50 என்பது 31 ஆகிறது. டயாலிசிஸ் இல்லாத நாளில் அதே நாலரைக்கு 56 இருந்திருக்கும்.

56 இருக்க வேண்டிய இடத்தில் 31. அப்பாவுக்கு வலிப்பு வந்தது அந்த நேரத்தில்.

இன்னொன்று. இந்த மருந்து வயிற்றிலிருந்து வேகமாக ஏறும், ஒரு மணி நேரம் சொச்சத்தில் உச்சம் என்று போட்டிருக்கிறது. ஆறரைக்குக் கொடுத்தால் ஏழரை தாண்டும்போது உச்சம். அதாவது ஊசி குத்துகிற நேரம். திட்டம் போட்டு மெஷினுக்கு ஊட்டியதுபோல ஆகிவிட்டது.

மூன்றாம் நம்பர் மெஷின் | ஜூன் 7, இரவு 9.45

கணக்கு சரி. ஆனால் அதை வைத்து உன்னைக் குத்திக்கொள்ளாதே தங்கச்சி. இரண்டு காரணம்.

சீட்டில் “காலை 1” என்று எழுதியவர் டயாலிசிஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்க வேண்டும். நரம்பு மருத்துவர் எழுதிய சீட்டு ஒரு கோப்பில், டயாலிசிஸ் சீட்டு இன்னொரு கோப்பில். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. எங்கள் பிரிவில் புதிதாக வருகிறவர்களிடம் மாத்திரைப் பையை மொத்தமாகக் கொட்டச் சொல்லி நான் நேரம் கேட்பேன். மாதத்துக்கு ஒருவராவது இப்படி மாட்டுவார்.

அடுத்தது, வலிப்புக்கு மாத்திரை குறைந்ததுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். யூரியா மிக வேகமாக இறங்கினால் மூளை வீங்கி வலிப்பு வரலாம். அது பெரும்பாலும் முதல் சில டயாலிசிஸில், மெஷினில் இருக்கும்போதோ முடிந்த கையோடோ வரும். சர்க்கரை இறங்கினாலும் வரும், அழுத்தம் தாறுமாறாக ஏறினாலும் வரும். சோடியம் என்ன வந்தது?

மஞ்சள்காடு | ஜூன் 7, இரவு 10.10

சோடியம் 137. சர்க்கரை 118. அழுத்தம் 170/90, அது வலிப்புக்குப் பிறகு எடுத்தது. ரத்தத்தில் இந்த மருந்தின் அளவைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன், அங்கே செய்வதில்லை என்றார்கள்.

மூன்றாம் நம்பர் மெஷின் | ஜூன் 7, இரவு 10.25

பெரும்பாலான இடங்களில் செய்வதில்லை. அப்படியானால் 31 என்பது காகிதக் கணக்காகவே இருக்கட்டும். மாத்திரை நேரத்தை மாற்ற அந்தக் கணக்கே போதும்.

சாயத்தொட்டி | ஜூன் 7, இரவு 10.40

ஒரு சந்தேகம். மதியத்துக்கு மாற்றினால் மட்டும் என்ன? நேற்று மதியம் போட்டது இன்று காலை மெஷினுக்குப் போகும்போது எவ்வளவு மிச்சம்?

மஞ்சள்காடு | ஜூன் 8, காலை 5.50

சாயத்தொட்டி அண்ணா, உங்கள் கேள்வி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. நேற்று மதியம் பன்னிரண்டரைக்கு 100 என்றால் இன்று காலை ஏழரைக்கு 19 மணி நேரம், 59 மிச்சம். மெஷின் முடிந்ததும் 30. ஆக, அடிமட்டம் இரண்டு வழியிலும் ஒன்றுதான்! ஒரு நிமிடம் இடிந்துபோனேன்.

பிறகுதான் பிடிபட்டது. அடிமட்டம் ஒன்றுதான், அங்கே எத்தனை நேரம் இருக்கிறோம் என்பது வேறு. முடிந்ததும் கொடுத்தால் அந்த 30-இல் இருப்பது ஊசி எடுத்து மாத்திரை ஏறுகிற வரை, ஒரு மணி, இரண்டு மணி நேரம். அதுவும் ஆட்கள் சுற்றி நிற்கிற இடத்தில். காலையில் கொடுத்தால் மதியமே 50-க்கு வந்து, மாலை, இரவு, விடியற்காலை முழுக்க அதற்குக் கீழேயே இறங்கிக்கொண்டிருக்கிறார், எல்லோரும் தூங்கும்போது.

இன்று சனிக்கிழமை, கிளம்புகிறோம்.

சாயத்தொட்டி | ஜூன் 8, காலை 7.15

அப்படியென்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போட்டுவிட வேண்டியதுதானே. (விளையாட்டுக்குச் சொல்கிறேன், யாரும் செய்துவிடாதீர்கள்.)

மூன்றாம் நம்பர் மெஷின் | ஜூன் 8, மதியம் 3.10

விளையாட்டுக்குச் சொன்னாலும் அதுதான் நடைமுறை. தினசரி மாத்திரை தனியாக ஓடும். டயாலிசிஸ் முடிந்ததும் போனதை ஈடுகட்ட 250 முதல் 500 வரை கூடுதலாக எழுதுவார்கள். எவ்வளவு என்பது மருத்துவர் கையில். நாமே கூட்டினால் வேறு ஆபத்து. இந்த மருந்துக்குச் சிறுநீரகம்தான் முக்கிய வாசல். அது மூடியிருக்கும்போது டயாலிசிஸ் இல்லாத நாளில் கூட்டிக் கொடுத்தால் தேங்கும். ஆள் தூங்கி வழிவார், சிடுசிடுப்பார்.

தேங்குகிற கதைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கேபாபென்டின், நம் ஆட்களுக்கு அரிப்புக்கும் கால் எரிச்சலுக்கும் கொடுப்பது. டயாலிசிஸ் இல்லாத நாளில் அது பாதியாகக் குறைய ஐந்து நாளுக்கு மேல், 132 மணி நேரம். மெஷினில் நான்கு மணிக்கும் குறைவு. அதனால்தான் “டயாலிசிஸ் முடிந்து ஒரு 100, மற்ற நாளில் வேண்டாம்” என்று எழுதுவார்கள். ஒரு பெரியவர் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதியதைப் பார்த்து 300-ஐ மூன்று வேளை கொடுத்தார்கள். நான்காம் நாள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை வெட்டி வெட்டி இழுக்க, பேச்சுக் குழற, மறுபடி பக்கவாதம் என்று நினைத்துத் தூக்கி வந்தார்கள். மருந்தை நிறுத்தி மெஷினில் போட்டோம். இரண்டாவது டயாலிசிஸ் முடிந்து காபி கேட்டார்.

அதே மெஷின்தான். அங்கே திருடன், இங்கே காப்பாற்றியவன்.

ஆழியாறு | ஜூன் 8, மாலை 4.00

காபி அளவு எவ்வளவு? எனக்கு நாளைக்கு மொத்தமே ஒரு லிட்டர் தண்ணீர்தான். பொள்ளாச்சியில் தென்னந்தோப்புக்கு நடுவில் குடியிருந்துகொண்டு, பொட்டாசியம் என்று சொல்லி இளநீரைக் கண்ணால் மட்டும் பார்க்கிறவன் கேட்கிறேன்.

மூன்றாம் நம்பர் மெஷின் | ஜூன் 8, இரவு 10.30

அரை டம்ளர் அண்ணா. இளநீருக்கு நான் பொறுப்பில்லை.

தாராபுரம் அத்தை, உங்கள் கேள்வி. ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் மெஷின் அதை எடுத்துவிடும் என்பதல்ல. இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீரை நான்கு மணி நேரத்தில் இழுக்கிறோம். அப்போது அழுத்தம் தானாகவே இறங்கும். மாத்திரையும் உள்ளே இருந்தால் மூன்றாவது மணியில் கொட்டாவி விடுவார், வியர்க்கும், கால் பிடித்து இழுக்கும். காலைத் தூக்கி வைத்து உப்பு நீர் ஏற்றுவோம். இழுத்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப உள்ளே. அம்லோடிபினும் டெல்மிசார்ட்டனும் மெஷினில் போவதே இல்லை. ஆனாலும் காலையில் வேண்டாம் என்பார்கள். அட்டெனலால் மெஷினிலும் போகும், அழுத்தத்தையும் இறக்கும். அது இரண்டு காரணத்துக்காகவும் பிறகுதான்.

தாராபுரம் அத்தை | ஜூன் 9, காலை 9.20

அவருக்கு மெஷினில் போட்டால் அழுத்தம் ஏறுகிறது, கண்ணு. போன வாரம் மூன்றாவது மணியில் 190. அவருக்கும் நிறுத்த வேண்டுமா?

மூன்றாம் நம்பர் மெஷின் | ஜூன் 9, இரவு 11.00

இங்கேதான் எங்கள் பிரிவிலேயே இரண்டு கட்சி. ஒரு மருத்துவர் எல்லோருக்கும் நிறுத்து என்பார். இன்னொருவர், ஏறுகிறவருக்கு நிறுத்தக் கூடாது, மெஷினில் போகாத மாத்திரையைக் காலையிலேயே கொடு என்பார். எனக்கு இரண்டாமவர் சொல்வது சரி என்று படுகிறது, ஆனால் நான் முடிவு செய்கிற ஆள் இல்லை. கடைசி ஆறு டயாலிசிஸ் சார்ட்டை நகல் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். மணிக்கு மணி அழுத்தம் அதில் எழுதியிருக்கும். வாயால் சொல்வதைவிட அது பேசும்.

மஞ்சள்காடு | ஜூன் 12, இரவு 9.05

நேற்று நரம்பு மருத்துவரைப் பார்த்தோம். டயாலிசிஸ் அட்டவணையைக் காட்டியதும் சீட்டை அடித்துவிட்டு எழுதினார். தினமும் 500, காலைக்குப் பதில் மதியம் பன்னிரண்டரை. டயாலிசிஸ் நாளில் அதோடு ஒரு 250. நான் போட்ட கணக்கை நோட்டில் காட்டினேன். பார்த்துச் சிரித்தார். தவறு என்று சொல்லவில்லை.

முதல் குறிப்பில் “ஒரு நாளும் தவறியதில்லை” என்று எழுதியிருந்தேன். திருத்த வேண்டும். சில செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்ததும் அப்பா அசந்து தூங்குவார், மறுநாள் காலை எட்டுக்குத்தான் எழுப்பிக் கொடுத்திருக்கிறேன். அதையும் சேர்த்தால் 31-ஐ விடக் கீழே போயிருக்கும்.

சாயத்தொட்டி | ஜூன் 12, இரவு 9.30

பன்னிரண்டரைக்கு நீ பள்ளியில் இருப்பாயே அம்மணி, யார் கொடுப்பது?

மஞ்சள்காடு | ஜூன் 15, இரவு 8.45

அப்பாவே. மாத்திரை அட்டையைக் கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்கி, 500-உம் 250-உம் ஒரு பழைய மஞ்சப்பைத் துணியில் முடிந்து சட்டைப் பையில் வைத்துவிடுகிறேன். ஊசி எடுத்த பிறகு ஃபிஸ்டுலாவில் பத்து நிமிடம் பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதுவரை ஒரு கைதான். பஞ்சு காய்ந்து ரத்தம் நின்றதும் மறு கை பைக்குள் போகிறது. தண்ணீர் இரண்டு வாய், அதற்கு மேல் குடித்தால் நர்ஸ் முறைக்கிறார்.

இன்று ஒரு சிக்கல். மெஷின் பழுது, அப்பாவை மாலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று மணிக்கு ஏற்றி ஏழுக்கு இறக்கினார்கள். அப்பா கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டரைக்கே இரண்டையும் விழுங்கிவிட்டார். மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டேன். இரவு இன்னொரு 250 கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நம்பர் மெஷின் | ஜூன் 15, இரவு 11.20

அந்தத் துணியின் மேல் “12.30” என்று எழுதியிருந்தால் அழித்துவிடு தங்கச்சி. “ஊசி எடுத்த பிறகு” என்று எழுது.

மஞ்சள்காடு | ஜூன் 16, காலை 6.30

எழுதிவிட்டேன். அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது என்பதால் பெரிய எழுத்தில்.